ஒரு திருமணத் தொகுப்பாளரின் அறிமுகக் குறிப்பு: வரிவரியாக ஒரு நிகழ்வு ஆய்வு

கோவை அவிநாசி சாலையில் ஒரு மண்டபம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை வரவேற்பு, 6.30 முதல் 9.30 வரை. பெண் வீட்டார் கோவைக்காரர்கள். வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. மாப்பிள்ளை வீடு பாலக்காடு. அழைப்பிதழ் வாங்கியவர்களில் பாதிக்கு மேல் தமிழ் பேசும் நண்பர்களும் தொழில் வட்டாரமும்தான். ஈவென்ட் கம்பெனியின் கோஆர்டினேட்டர் மூன்று தொகுப்பாளர்களின் அறிமுகக் குறிப்பைப் பெண்ணின் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அவர் அதைக் குடும்ப குரூப்பில் போடுகிறார். அரை மணி நேரத்தில் அத்தை ஒரு கேள்வி, பெரியப்பா ஒரு கேள்வி. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு இந்தப் பொண்ணு பேசுறது புரியுமா?" "அன்னைக்குப் பெரிய முகூர்த்தம் ஆச்சே, கண்டிப்பா வந்துருவாங்களா?"

கல்யாணத் தொகுப்பாளரின் குறிப்பைப் படிக்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டைத்தான். குரல் நன்றாக இருக்குமா, உடை எப்படி இருக்கும் என்பதையெல்லாம் வீடியோவில் பார்த்துக்கொள்வார்கள். மொழியையும் வருகையையும் மட்டும் எழுத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அப்படி முடிவு செய்ய உதவாத ஒரு குறிப்பை எடுத்து, உதவுகிற மாதிரி எப்படித் திருத்துவது என்பதை இங்கே பார்க்கலாம். தொகுப்பாளரும் குடும்பமும் மாதிரிக்காக அமைத்தவை, எண்களும் அப்படியே. பிரச்சினைகள் மட்டும் இந்தத் தொழிலில் வாரந்தோறும் வருபவை.

முதலில் பழைய குறிப்பு, முழுதாக:

"மேடையே என் உயிர்! மைக் பிடித்தால் அரங்கம் அதிரும்! 500+ நிகழ்ச்சிகள், 10 ஆண்டு அனுபவம். தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, மலையாளம் நான்கும் சரளமாகப் பேசுவேன். திருமணம், வரவேற்பு, பிறந்தநாள், கார்ப்பரேட், கல்லூரி விழா எதுவானாலும் கலக்கிவிடலாம். நேரம் தவறாமை, அர்ப்பணிப்பு, நம்பகத்தன்மை என் அடையாளம். உங்கள் நாளை மறக்க முடியாத நாளாக்க அழையுங்கள்."

இதில் பொய் என்று எதையும் சுட்டிவிட முடியாது. ஆனால் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தத் தொகுப்பாளரின் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் இதில் பதில் கிடையாது. கோஆர்டினேட்டர் போன் போட்டுக் கேட்டு, தன் வார்த்தையில் குடும்பத்துக்கு விளக்க வேண்டும். மூன்று பேரில் யாருக்கு விளக்கம் தேவைப்படவில்லையோ அவரிடம்தான் வேலை போகும்.

மொழி வரியிலிருந்து தொடங்குவோம், சிக்கல் அதில்தான் அதிகம்.

"சரளமாக" என்ற சொல்லை மேடை வேலைக்கு அளவாக வைத்துக்கொள்ள முடியாது. வரவேற்பில் எழுதி வைத்துப் பேசுகிற பகுதி மிகக் குறைவு: வரவேற்புரை, பெற்றோர் அறிமுகம், ஜோடியின் என்ட்ரி, கேக் இருந்தால் அதற்கு இரண்டு வரி, நன்றி. மொத்தமாகப் பதினைந்து நிமிடம்கூட வராது. மிச்ச நேரமெல்லாம் நிரப்புகிற வேலை. மேக்கப் முடியவில்லை, பெண் இன்னும் அறையில் இருக்கிறாள், டிஜே லேப்டாப்பில் என்ட்ரி பாட்டு ஓடவில்லை, முக்கிய விருந்தினர் கார் போக்குவரத்தில் நிற்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை எந்த மொழியில் கையில் காகிதம் இல்லாமல் பேசி ஓட்ட முடியுமோ, அதைத்தான் தொகுப்பாளரின் மொழி என்று கணக்கில் எடுக்க வேண்டும். வீட்டில் பேசுவது, படம் பார்த்துப் புரிந்துகொள்வது, எழுதி வைத்து வாசிப்பது எல்லாம் பயன்படும். ஆனால் அவை வேறு படிகள்.

இந்தத் தொகுப்பாளரை அப்படிக் கேட்டுப் பார்த்தபோது நான்கு மொழியும் நான்கு இடத்தில் நின்றன. தமிழில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார். மேடைத் தமிழும் வரும், கொங்குப் பேச்சும் வரும். ஆங்கிலத்தில் நிறுவன விழா முழுவதையும் நடத்தியிருக்கிறார், காகிதம் வேண்டாம். தெலுங்கு அவருடைய வீட்டு மொழி. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கோவையில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்படும் தெலுங்குக்கும் விஜயவாடாவிலிருந்து வருகிறவர் பேசும் தெலுங்குக்கும் உச்சரிப்பிலும் சொற்களிலும் தூரம் உண்டு. கோவைத் தெலுங்குக் குடும்பங்களில் பலருக்கு எழுத்து படிக்க வராது, இவருக்கும் வராது. விளையாட்டு, கேலி, பாட்டிகளிடம் மைக் நீட்டிப் பேச வைப்பது இவற்றுக்கெல்லாம் இந்தத் தெலுங்குதான் அழகு. ஆந்திராவிலிருந்து வந்த அதிகாரி ஒருவரை முறையாக மேடைக்கு அழைக்க அது போதாது. எழுதி, தெரிந்தவரிடம் சரிபார்த்து வாசிக்க வேண்டும். மலையாளத்தில் வாழ்த்தும் அறிவிப்பும் மட்டுமே, அதுவும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு.

நான்காவது மொழியை இப்படி ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. பாலக்காட்டு விஷயத்தில் அந்தப் பயம் தேவையில்லை. கோவையிலிருந்து பாலக்காடு சுமார் 50 கிலோமீட்டர்தான். அங்கே தமிழ் புரியாத வீடு அபூர்வம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அன்றைக்கு வேண்டியது மொழிபெயர்ப்பு இல்லை, மரியாதை. மாப்பிள்ளையின் அச்சனையும் அம்மாவனையும் அந்த முறைப் பெயராலேயே, பெயரைத் தப்பில்லாமல் உச்சரித்து மேடைக்கு அழைத்துவிட்டால் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். அதற்கு வாழ்த்து அளவிலான மலையாளம் தாராளம். இதே மாப்பிள்ளை கண்ணூர்க்காரர், உறவுகள் இரண்டு பஸ்ஸில் வருகிறார்கள் என்றால் கதை வேறு. அங்கே "சரளமாக" என்று நம்பி அழைத்துவிட்டு, ஏழாவது நிமிடத்தில் அவர் தமிழுக்குத் தாவும்போது பாதி அரங்கம் போனை எடுத்துவிடும். அந்த நிகழ்ச்சிக்கு மலையாளத்தில் நிரப்பக்கூடிய இன்னொருவரை உடன் நிறுத்துவதுதான் சரி. படியைப் பிரித்து எழுதியிருந்தால் கோஆர்டினேட்டரே இதைக் கணித்துவிடுவார்.

மொழியோடு சேர்ந்து இன்னொன்றையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும்: மொழிகளை எப்படிக் கலப்பார் என்பது. மூன்று மொழி தெரிந்தவர் எல்லாவற்றையும் மூன்று முறை சொன்னால் நிகழ்ச்சி இழுத்துக்கொண்டே போகும், சிரிப்பு மூன்றாம் முறை செத்துப்போகும். பழகியவர்கள் பேச்சை ஒரு மொழியில் ஓட்டி, சாப்பாட்டு அறை, குடும்பப் புகைப்பட வரிசை, வண்டி எடுக்கச் சொல்வது போன்ற அறிவிப்புகளை மட்டும் அடுத்த மொழியில் திருப்பிச் சொல்வார்கள். இதைக் குறிப்பில் பார்த்ததுமே விவரம் தெரிந்த கோஆர்டினேட்டருக்கு ஆள் யார் என்று புரிந்துவிடும்.

எழுதியதற்குச் சான்று ஒலிப்பதிவு. பழைய குறிப்போடு போனது 40 விநாடி ரீல்: இரண்டு இரண்டு விநாடியாக வெட்டிய காட்சிகள், மேலே முழுக்கப் பாட்டு. அதில் தொகுப்பாளரின் குரலே இல்லை. மொழியைக் காட்ட அது உதவாது. மொழிக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் 60 முதல் 90 விநாடி, பின்னணி இசை இல்லாமல் நான்கு பதிவுகள் போதும். நான்கிலும் உள்ளடக்கம் ஒன்றாகவே இருக்கட்டும்: பெற்றோரை மேடைக்கு அழைப்பது, தாமதத்தை நிரப்பும் அரை நிமிடப் பேச்சு, சாப்பாட்டு அறிவிப்பு. உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால் எந்த மொழியில் எங்கே தடுமாறுகிறார் என்று கேட்பவருக்கு உடனே தெரியும், அது தொகுப்பாளருக்கே நல்லது. மண்டபத்தில் எடுத்த பதிவு வேண்டுமென்றால் சவுண்ட்காரரிடம் சொல்லி மிக்சரிலிருந்து வாங்க வேண்டும். கூட்டத்தில் யாரோ போனில் எடுத்ததில் எதிரொலிதான் மிஞ்சும். மலையாளப் பதிவில் நிரப்பும் பகுதியை விட்டுவிடலாம். குறிப்பு சொல்லாததைப் பதிவும் சொல்ல வேண்டாம்.

இனி பெரியப்பாவின் கேள்வி.

"நேரம் தவறாமை என் அடையாளம்" என்று எழுதாத தொகுப்பாளர் கிடையாது. வராமல் போனவரும் அதைத்தான் எழுதியிருந்தார். வருவாரா என்ற சந்தேகம் குணத்தைப் பற்றியதைவிட நாட்காட்டியைப் பற்றியது. ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது. ஆவணி, தை, வைகாசி முகூர்த்தங்களில் ஒரே மாலைக்கு ஐந்து அழைப்பு வரும். தமிழ்நாட்டில் பல வீடுகளில் வரவேற்பு முதல் நாள் மாலையில் என்பதால் எல்லாம் அதே ஆறரை மணிக்கு வந்து மோதும். ஆபத்து இரண்டு விதம். ஒன்று, ஒரே மாலையில் இரண்டு நிகழ்ச்சியை ஒப்புக்கொண்டு, முதலாவதை எட்டு மணிக்கு முடித்துவிட்டு இரண்டாவதற்கு ஓடுவது. முதல் ஜோடி என்ட்ரி தாமதமானால் இரண்டும் கெடும். இன்னொன்று, அட்வான்ஸ் வாங்காமல் "தேதியை வைத்துக்கொள்கிறேன்" என்று இரண்டு கம்பெனிகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிவிடுவது. அதனால் குறிப்பில் எழுத வேண்டியது பண்பை அல்ல, நடைமுறையை: ஒரு மாலைக்கு ஒரே நிகழ்ச்சி; அட்வான்ஸ் இல்லாமல் தேதியை 48 மணி நேரம் மட்டும் வைத்திருப்பது; தொடங்க 90 நிமிடத்துக்கு முன் மண்டபத்தில் இருப்பது.

அந்த 90 நிமிடமும் ஏதோ ஓர் எண் அல்ல. சவுண்ட் செக்குக்குக் கால் மணி. கார்ட்லெஸ் மைக்கில் புது பேட்டரி இருக்கிறதா, எந்த இடத்தில் நின்றால் ஸ்பீக்கர் கூவுகிறது என்று மேடையில் நடந்து பார்ப்பது அதில் அடங்கும். டிஜேயோடும் போட்டோகிராபரோடும் என்ட்ரி வரிசையைப் பேசிக்கொள்ள இன்னொரு கால் மணி. மிச்ச நேரம் இரண்டு வீட்டாரிடமும் உட்கார்ந்து பெயர்ப் பட்டியலைக் கடைசியாக ஒரு முறை சரிபார்க்க. பட்டியலில் பேர் விட்டுப்போன சித்தப்பா எப்போதும் இந்த நேரத்தில்தான் வெளிப்படுவார்.

பெயர் உச்சரிப்புக்கு நல்ல வழி ஒன்று உண்டு, அதைக் குறிப்பிலும் சொல்லலாம். இரண்டு நாளுக்கு முன் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர், மேடைக்கு அழைக்க வேண்டியவர்களின் பெயரையும் உறவையும் தங்கள் வாயால் வாய்ஸ் நோட்டாக அனுப்ப வேண்டும். தொகுப்பாளர் அதைக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். தெலுங்குப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். நம் பழக்கத்தில் அதைத் தகப்பன் பெயரின் இனிஷியல் என்று நினைத்துத் தப்பாக அழைக்கும் வாய்ப்பு அதிகம். தெலுங்கில் பெயருக்குப் பின் "காரு" சேர்ப்பதும் தமிழில் "அவர்கள்" சேர்ப்பதும் கியூ கார்டிலேயே எழுதியிருக்க வேண்டும்; மேடையில் நின்று யோசிக்க நேரம் இருக்காது.

மாற்று ஏற்பாடு பற்றிப் பெரும்பாலான குறிப்புகள் மூச்சு விடுவதில்லை. சில "மாற்றுத் தொகுப்பாளர் எப்போதும் தயார்" என்று அடித்துவிடும். இரண்டும் சரியில்லை. தொண்டை கட்டிக்கொள்வது இந்தத் தொழிலில் சாதாரணம், எனவே மாற்று ஆள் வேண்டும். ஆனால் பெரிய முகூர்த்தத்தில் அந்த மாற்று ஆளும் எங்கோ மைக் பிடித்துக்கொண்டிருப்பார். தவிர, அவருக்குத் தெலுங்கு வராமல் போகலாம்; மொழிக்காக ஒருவரை வைத்த குடும்பத்துக்கு அது மாற்றே அல்ல. புக்கிங் அன்றே அந்தத் தேதிக்கு யார் மாற்று, அவருக்கு எந்த மொழிகள் வரும் என்று எழுத்தில் சொல்வேன், கிடைக்கவில்லையென்றால் அதையும் சொல்வேன் என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு.

"500+" என்ற எண்ணையும் பிரிக்க வேண்டும். பத்து ஆண்டில் ஐந்நூறு என்றால் அதில் கடை திறப்பு எத்தனை, பள்ளி விழா எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஒரு முழு ஆண்டை எடுத்துக்கொண்டு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று எழுதி, வகையைப் பிரித்தால் எண் சிறிதானாலும் நம்பிக்கை கூடும். "கடந்த ஓராண்டில்" என்று எழுதினால் அடுத்த ஆண்டும் அதே வரி அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

திருத்திய குறிப்பு இது:

"கோவையைச் சேர்ந்த திருமண, மேடைத் தொகுப்பாளர். 2015 முதல் முழுநேரத் தொழில். 2024 ஜூன் முதல் 2025 மே வரை 46 நிகழ்ச்சிகள்: 31 திருமண வரவேற்பு, 9 நிறுவன விழா, 6 மற்றவை. இவற்றில் 17 இருமொழி நிகழ்ச்சிகள்.

மொழிகள். தமிழ், ஆங்கிலம்: முழு நிகழ்ச்சியும், காகிதம் இல்லாமல். தெலுங்கு: கோவை வீட்டுத் தெலுங்கு, விளையாட்டு, உரையாடல், குடும்ப அறிமுகம். முறையான மேடைத் தெலுங்கு வேண்டுமென்றால் எழுதிச் சரிபார்த்து வாசிப்பேன். மலையாளம்: வரவேற்பு, உறவினர் அறிமுகம், அறிவிப்பு மட்டும்.
பேச்சு ஒரே மொழியில் ஓடும். சாப்பாடு, புகைப்படம், வண்டி அறிவிப்புகள் இரண்டாம் மொழியிலும் சொல்லப்படும். ஒவ்வொரு மொழிக்கும் இசை இல்லாத ஒலிப்பதிவு இணைப்பில்.

நடைமுறை. ஒரு மாலைக்கு ஒரே நிகழ்ச்சி. ஏழு நாளுக்கு முன் இரு வீட்டாருடனும் போனில் பேசுவேன். இரண்டு நாளுக்கு முன் பெயர்ப் பட்டியல், வாய்ஸ் நோட்டுடன். அன்று 90 நிமிடம் முன்னதாக மண்டபத்தில். அட்வான்ஸ் இல்லாமல் தேதி 48 மணி நேரம் வைத்திருக்கப்படும். மாற்றுத் தொகுப்பாளர் யார், அவருடைய மொழிகள் என்ன என்பது புக்கிங் அன்று எழுத்தில் தரப்படும்.

செய்யாதவை. நள்ளிரவு டிஜே நிகழ்ச்சி, முழு மலையாள, முழு ஆந்திரத் தெலுங்கு நிகழ்ச்சி.

2025 மே நிலவரப்படி."

"செய்யாதவை" என்ற வரியைப் பலர் வெட்டச் சொல்வார்கள். வெட்டக் கூடாது. மற்ற எல்லா வரிகளையும் நம்ப வைப்பது அதுதான்.

இது பிடிஎஃப்புக்கான வடிவம், ஒரே பக்கம், மேலே ஒரே ஒரு படம். படம் மேடையில் மைக்குடன் இருக்கட்டும். நடிகரோடு எடுத்த செல்ஃபி குடும்பத்துக்கு எதையும் சொல்வதில்லை. பக்கத்தைப் படமாக மாற்றி அனுப்புவது பரவலான தவறு. எழுத்தைப் பிரதியெடுக்க முடியாது, இணைப்பைத் தொட்டால் திறக்காது, வாட்ஸ்அப் சுருக்கியதும் சிறிய எழுத்து கலங்கிவிடும்.

வாட்ஸ்அப் செய்தியாகவே அனுப்ப ஒரு குறும்பதிப்பும் வேண்டும், குடும்ப குரூப்பில் உண்மையில் ஓடப்போவது இதுதான்: "கோவை. தமிழ், ஆங்கிலம் முழு நிகழ்ச்சி. வீட்டுத் தெலுங்கில் விளையாட்டும் உறவினர் அறிமுகமும். மலையாளத்தில் வரவேற்பும் அறிவிப்பும். அன்று மாலை வேறு நிகழ்ச்சி எடுப்பதில்லை. 90 நிமிடம் முன்னதாக மண்டபத்தில். மொழிவாரி ஒலிப்பதிவு கீழே." இதைத் தன்மையில் எழுதுவதே நல்லது. தன் போனிலிருந்து தானே அனுப்பும் செய்தியில் "இவர் ஒரு சிறந்த தொகுப்பாளர்" என்று படர்க்கையில் எழுதினால் படிக்கிறவருக்குச் சிரிப்பு வரும்.

இரண்டு வடிவத்திலும் போன் எண் இல்லாத நகல் ஒன்று தனியாக இருக்க வேண்டும். ஈவென்ட் கம்பெனிகள் தங்கள் பெயர் போட்டுத்தான் குடும்பத்துக்கு அனுப்பும். எண்ணும் இன்ஸ்டாகிராம் பெயரும் உள்ள பக்கத்தை அவர்கள் ஒன்று அனுப்பாமல் விடுவார்கள், இல்லையென்றால் வெட்டிச் சிதைத்து அனுப்புவார்கள். "செய்யாதவை" வரிதான் முதலில் வெட்டுப்படும். எண் இல்லாத நகலைத் தொகுப்பாளரே கொடுத்துவிட்டால் எழுதியது எழுதியபடி போய்ச் சேரும். கட்டணத்தையும் இதே காரணத்தால் குறிப்பில் போடுவதில்லை; அது தனிச் செய்தியில், பயணச் செலவும் இரவு திரும்பும் வண்டியும் யார் பொறுப்பு என்பதோடு.

இந்தக் குடும்பம் புதிய குறிப்பைப் படித்தால் அத்தைக்கு முதல் கேள்வி எழாது. பெரியப்பா வேறொன்று கேட்பார்: நிகழ்ச்சி நீண்டால்? மண்டபம் மூடிய அரங்கமென்றால் பேசி முடிவு செய்துகொள்ளலாம். திறந்த புல்வெளி என்றால் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மூடிய விருந்து மண்டபத்துக்கு உள்ளே மட்டும் விலக்கு உண்டு. இடத்துக்கு இடம் மாறுவதால் இதைக் குறிப்பில் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஏழு நாள் முன்னதான அழைப்பில் தொகுப்பாளரே இதைக் கேட்டுவிட வேண்டும்: அரங்கம் திறந்ததா, மூடியதா, மண்டபத்தார் எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பார்கள்.

கடைசியாகச் சான்றாளர்கள். முன்பு வேலை கொடுத்த இரண்டு பேரிடம் பேச முடியுமா என்று கேட்கும் குடும்பங்கள் கூடிக்கொண்டு வருகின்றன. பாராட்டு வாட்ஸ்அப் செய்திகளைப் படம்பிடித்து பிடிஎஃப்பில் ஒட்டுவது இதற்கு வழியல்ல. அனுப்பியவரின் பெயரும் எண்ணும் ஊரெல்லாம் சுற்றும். திருமண வீடியோத் துண்டுக்கும் இதே கதிதான், ஜோடியின் அனுமதி வேண்டும். பேலன்ஸ் வாங்கும் அன்று, எல்லாரும் நிம்மதியாக இருக்கும்போது, "புதிதாக விசாரிக்கிறவர்கள் உங்களிடம் பேசலாமா, உங்கள் வரவேற்பில் எடுத்த ஒலிப்பதிவில் ஒரு நிமிடத்தைப் பயன்படுத்தலாமா" என்று ஒரு செய்தியில் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்ளலாம். சம்மதித்தவரின் எண்ணும் பக்கத்தில் ஏறக் கூடாது; தேதி உறுதியாகும் கட்டத்தில், கேட்கிற குடும்பத்துக்கு மட்டும், அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். இருமொழி வரவேற்பு கேட்கும் குடும்பத்துக்கு இருமொழி வரவேற்பு நடத்திய வீட்டாரின் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். நிறுவன விழா மேலாளர் எவ்வளவு புகழ்ந்தாலும் பெரியப்பாவுக்கு அது கணக்கில் வராது.